சீனிக்கு ஒரு பேரேடு

எங்கள் ஊர் மூத்தோர் சங்கத்தினர் ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையிற் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை மண்டபத்திற் கூடுவது வழக்கம். தேவாரம் ஓதி, சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து, யாரேனும் ஒருவரைப் பேசச் செய்து, தேநீரோடு கலைவார்கள். 2024 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்துக் கூட்டத்தில் “நீரிழிவோடு இருபது ஆண்டுகள்” என்பது பேச்சின் பொருள். பேசுபவர் வைத்தியரல்லர்; வங்கியொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இலிகிதராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவர்.

உண்மையைச் சொன்னால், நான் அன்று போக விரும்பவில்லை. எனக்கும் அந்த நோய் வந்து மூன்று வருடங்களாகின்றன. அதைப்பற்றி வைத்தியர் சொல்வதும் வீட்டார் சொல்வதும் காணாதென்று இனிச் சபையிலும் கேட்க வேண்டுமா என்பதே என் எண்ணம். மறுநாட் காலை எனக்குக் கிளினிக் இருந்தது. அதற்கு முதல்நாள் இரவு என்ன செய்ய வேண்டும் என்பதில் நான் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றிருந்தேன். அது என்ன தேர்ச்சி என்பதை வாசகர் சற்று நேரத்தில் அறிவார்கள். நண்பர் ஒருவர் வீட்டுப் படலையில் நின்று அழைத்தமையால், மறுக்க முடியாமற் கூடச் சென்றேன்.

பேச எழுந்தவர் மெலிந்த உடல்வாகினர். அறுபத்தெட்டு வயதென்று தலைவர் அறிமுகத்திற் சொன்னார். கையிற் குறிப்பேதும் இல்லை. தடித்த மட்டையிட்ட, மூலைகள் தேய்ந்த ஒரு கணக்குப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “இது என் பேரேடு. வங்கியிற் பிறருடைய பணத்துக்கு ஏடு வைத்திருந்தேன், வீட்டில் என் சீனிக்கு வைத்திருக்கிறேன்” என்று தொடங்கினார்.

“நான் வைத்திய ஆலோசனை கூற வரவில்லை. ஒரு கணக்குப் பிழை எவ்வாறு ஆறு வருடம் மறைந்திருந்தது, அதை எவ்வாறு கண்டுபிடித்தேன் என்பதை மாத்திரம் சொல்லப் போகிறேன்” என்றார். சபையிற் சிறு சிரிப்பு எழுந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பொய்க் கணக்கு

2004 ஆம் ஆண்டில், தமது நாற்பத்தெட்டாவது வயதில், அவருக்கு நோய் இருப்பது தெரியவந்தது. மெற்போமின் குளிசை கொடுத்தார்கள். ஓரிரு வருடங்களில் கிளிக்ளசைட் என்னும் இன்னொரு குளிசையும் சேர்ந்தது. மாதமொரு முறை வெறுவயிற்றிற் குருதி எடுத்துச் சீனி பார்ப்பார்கள். முதன்முதல் 190 என்று வந்தபோது வைத்தியர் கடிந்துகொண்டார். அந்தக் கடிதலுக்கு அஞ்சிய நம் இலிகிதர் ஒரு வழி கண்டார்.

“கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாளும் சோறு குறைப்பேன். முதல்நாள் இரவு ஒரு கோப்பைக் கஞ்சியோடு படுத்துவிடுவேன். காலையிற் பார்த்தால் 112, 118 என்று வரும். வைத்தியர் ‘நல்லது’ என்பார். வீட்டுக்கு வந்ததும் மத்தியானம் வழக்கமான சாப்பாடு. சோதனைக்கு முதல்நாள் மட்டும் படிக்கின்ற மாணவனை இங்கிருக்கும் ஆசிரியர்கள் அறிவீர்கள். நான் அந்த மாணவனாக ஆறு வருடம் இருந்தேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தேர்ச்சியும் அதுவேதான். அன்றிரவும் கஞ்சி குடிப்பதாகவே இருந்தேன்.

2010 ஆம் ஆண்டில் மாற்றலாகி வந்த புதிய வைத்தியர் ஒருவர், வழக்கமான பரிசோதனையோடு நில்லாது, ஏ.வன்.சி. என்னும் பரிசோதனையையும் செய்துவரச் சொன்னார். முடிவு 8.6 வீதம் என்று வந்தது. அதே நாள் வெறுவயிற்றுச் சீனி 114.

இவ்விடத்தில் அவர் சற்று நின்று, அந்தப் பரிசோதனையின் தன்மையை விளக்கினார். குருதியிலுள்ள செங்கலங்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கின்றன. குருதியிற் சீனி கூடக்கூட, அக்கலங்களிலுள்ள ஈமோகுளோபினிலும் அது கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது பின்னர் கழல்வதில்லை. ஆகவே ஒட்டியிருப்பது எத்தனை வீதம் என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களிற் சீனி சராசரியாக எவ்வளவு இருந்தது என்பது தெரியவரும். முதல்நாள் இருந்த பட்டினியை அது பொருட்படுத்தாது.

“8.6 வீதம் என்றால் சராசரிச் சீனி டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராம் அளவில் இருந்திருக்க வேண்டும் என்றார் வைத்தியர். அவர் கோபிக்கவில்லை. ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. நோயைப் பற்றிய பயத்தினால் அன்று, கணக்கினால். காலையில் 114 நிற்கிறது. சராசரியோ 200. அப்படியானால் பகலில் எங்கோ 250, 300 என்று ஏறியிருந்தாலன்றி இந்தக் கணக்கு நேர்ப்படாது. வங்கியில் மாலையில் ஐந்து ரூபா நேர்ப்படாவிட்டாலும் கண்டுபிடிக்கும் வரை வீட்டுக்குப் போக முடியாது. இங்கே ஏறக்குறைய நூறு காணவில்லை!”

காணாமற்போனதைத் தேடுதல்

அடுத்த சம்பளத்தில், விரலிற் குத்திச் சீனி பார்க்கும் சிறு கருவி ஒன்றை வாங்கினார். அதற்கான ஸ்ட்ரிப் எனப்படும் சோதனைத் துண்டுகள் அப்போதும் மலிவானவையல்ல. நினைத்த நேரமெல்லாம் பார்த்தாற் காசும் போகும், விரலும் புண்படும், ஒன்றும் விளங்கவும் மாட்டாது. ஆகவே தனி எண்ணைப் பார்ப்பதில்லை, சோடி எண்களையே பார்ப்பது என்று முடிவு செய்தார்.

ஒரு சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு தடவை. முதற்கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை. இவ்விரண்டுக்குமுள்ள வித்தியாசமே அந்தச் சாப்பாட்டின் விலை. முன் எண், முந்திய வேளைகள் விட்டுச்சென்ற மீதி. வித்தியாசம், இந்த வேளை செய்த செலவு. பேரேட்டில் அவர் இட்டிருந்த நிரல்கள் ஐந்து: திகதி, சாப்பாடு, முன், பின், வித்தியாசம். பொதுவாக முன் எண் 80 இலிருந்து 130 வரையிலும், பின் எண் 180 இற்குக் கீழும் இருப்பது நன்று என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மிக முதியவர்களுக்கும் வேறு நோயுள்ளவர்களுக்கும் இந்த எல்லைகள் தளர்த்தப்படும் என்பதையும் அவர் மறவாது குறிப்பிட்டார்.

காலைச் சாப்பாட்டிற் பெரும் குற்றமொன்றும் காணப்படவில்லை. பழைய வழக்கப்படி மத்தியானம் உண்டு பார்த்த அன்று, முன் 142, பின் 291. காணாமற்போன நூறு அகப்பட்டுவிட்டது.

“நான் தட்டில் எவ்வளவு சோறு போடுகிறேன் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அகப்பையால் அளப்பதெல்லாம் அளவா? சோற்றைத் தேநீர்க் கோப்பையில் இட்டு அளந்து பார்த்தேன். மூன்று கோப்பை. ஒரு கோப்பைச் சோற்றில் மாச்சத்து ஏறக்குறைய 45 கிராம். அது வயிற்றிற் கரைந்தாற் பத்துத் தேக்கரண்டிச் சீனிக்குச் சமம். தேநீருக்குச் சீனி போடாமற் பெருமையாகக் குடித்துவிட்டு, மத்தியானம் முப்பது தேக்கரண்டியை ஒரே இருப்பில் விழுங்கியிருக்கிறேன்.”

அதன்பின் அவர் செய்தது என் மனத்தை மிகவும் கவர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. கணக்கிற் பிழை தேடுபவன் ஒரே நேரத்திற் பல பதிவுகளைத் திருத்தினால், எது பிழையாக இருந்தது என்பதை ஒருபோதும் அறியமாட்டான். ஆகவே வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்தார். புத்தகத்தைத் திறந்து அந்த நான்கு வாரங்களை வாசித்தார்.

முதல் வாரம் பழைய சாப்பாடு: 142, பின்னர் 291, வித்தியாசம் 149. இரண்டாம் வாரம் சோறு ஒன்றரைக் கோப்பையாகக் குறைந்தது, மற்றெல்லாம் பழையபடி: 139, பின்னர் 222, வித்தியாசம் 83. மூன்றாம் வாரம் அதே ஒன்றரைக் கோப்பை, ஆனால் முருங்கைக்கீரை வறை, பயற்றங்காய்க் கறி, மீன் ஆகியவற்றிற் பாதியை முதலில் உண்டு, அதன்பின் சோற்றில் கை வைத்தார்: 141, பின்னர் 196, வித்தியாசம் 55. நான்காம் வாரம் இவை யாவற்றோடும், உண்டு எழுந்ததும் சாய்மனைக் கதிரைக்குப் போகாது பதினைந்து நிமிடம் நடந்தார்: 136, பின்னர் 170, வித்தியாசம் 34.

“ஒரு கவளமும் மருந்தாக உண்ணவில்லை. நம் வீட்டுச் சோறு, நம் வீட்டுக் கறி. அளவும், வரிசையும், அதற்குப் பின்னுள்ள கால்மணி நேரமுந்தான் மாறின. நார்ச்சத்தும் புரதமும் முன்னே சென்றால், பின்னால் வரும் மாச்சத்து மெதுவாகக் கரைகிறது. நடக்கும்போது காற்றசைகள் குருதியிலுள்ள சீனியை எடுத்துச் செலவழிக்கின்றன. இது என் கணக்கு. உங்கள் உடலின் கணக்கு வேறாக இருக்கலாம். அதை உங்கள் விரல்தான் சொல்லும்.”

மூன்று மாதத்தின் பின் ஏ.வன்.சி. 7.4. அதன் பிறகு இன்றுவரை பெரும்பாலும் 7 ஐ ஒட்டியே நிற்கிறதாம்.

குரக்கன் தந்த பாடம்

சபையில் எல்லாரும் சிரித்த இடமும், சிலர் முகம் சுழித்த இடமும் இதுதான். நீரிழிவுக்காரருக்குக் குரக்கன் எவ்வளவும் உண்ணத்தக்கது என்பது எங்கள் ஊரின் அசையாத நம்பிக்கை. இலிகிதரின் வீட்டிலும் இரவுச் சாப்பாடு குரக்கன் பிட்டாகவே இருந்தது. குரக்கன்தானே என்ற துணிவில் நிறையவே உண்பார்.

“ஒரு நாள் அதற்கும் சோடி பார்த்தேன். முன் 128, பின் 239. கருவி பழுதென்று நினைத்து மறுவாரமும் பார்த்தேன். ஏறக்குறைய அதே கதை. குரக்கனில் நாரும் கல்சியமும் கூடுதல் என்பது உண்மை. ஆனால் நிறைக்கு நிறை பார்த்தால் அதன் மாவில் உள்ள மாச்சத்து அரிசி மாவிலுள்ளதற்குப் பெரிதும் குறைந்ததன்று. நன்றாக அரைத்து அவித்தால் விரைவிலேயே கரைந்துவிடுகிறது. நான் குரக்கனை விடவில்லை, அளவை விட்டேன். சோற்றைக் குறைத்துவிட்டு மரவள்ளிக்கிழங்கை நிரப்புபவருக்கும் இதையே சொல்வேன். பெயர் மாறினாலும் அது அதே நிரலிற் பதிய வேண்டிய செலவுதான்.”

முன்வரிசையில் இருந்த மூதாட்டியார் ஒருவர், “அப்ப நான் இவ்வளவு நாளும் கஷ்டப்பட்டு விழுங்கினது வீண்தானோ, தம்பி?” என்று கேட்டார். “வீணில்லை, அக்கா. அரைவாசியை மட்டும் விழுங்குங்கோ, மிச்ச இடத்துக்குக் கீரை போடுங்கோ” என்றார் பேச்சாளர்.

எண்களையும் கண்மூடி நம்பலாகாது என்று அவர் எச்சரித்தார். நல்ல கருவியுங்கூடப் பதினைந்து வீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். ஆகவே 150 இற்கும் 160 இற்கும் இடையே வித்தியாசம் காண்பது வீண். ஒரு முறை 310 என்று கண்டு அவர் திகைத்துப் போனார். சற்று முன் மாம்பழம் வெட்டிய கை அது! கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது 164. அன்று முதல் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரமின்றித் துடைத்த விரலையே குத்துவார். அதுவும் நுனியில் அன்றிப் பக்கவாட்டில், நோவு குறைவென்பதற்காக. ஏ.வன்.சி. பரிசோதனையும் பொய் சொல்லும் சமயமுண்டு. குருதிச்சோகை உள்ளவர்களுக்கும், அண்மையிற் குருதி ஏற்றப்பட்டவர்களுக்கும் அது சரியான விடையைத் தராது போகலாம். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துவராதபோதுதான் ஆராய வேண்டும் என்பது அவர் கட்சி.

கூட்ட முடியாத நிரல்

பேச்சின் நடுப்பகுதியில் அவர் குரல் தாழ்ந்தது. தாம் செய்த பெரும் பிழை இனித்தான் வருகிறது என்றார்.

சோற்றைப் பாதியாக்கிய செய்தியை அவர் வைத்தியருக்குச் சொல்லவில்லை. அடுத்த கிளினிக்கில் நல்ல எண்ணோடு போய் மெச்சப்பட வேண்டும் என்ற பழைய ஆசை போகவில்லை. அவர் உண்டுவந்த கிளிக்ளசைட், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. மூன்று கோப்பைச் சோற்றைச் சமாளிக்க அளவிடப்பட்ட குளிசை, ஒன்றரைக் கோப்பை வந்த பின்னும் அதே வேலையைத்தான் செய்யும். அதற்கிடையில் அவ்வாண்டின் கந்தசஷ்டி வந்தது. விரதம். காலையில் வழக்கம்போலக் குளிசையை விழுங்கிவிட்டு, ஒன்றும் உண்ணாது வங்கிக்குப் போனார்.

“பிற்பகல் மூன்று மணியளவில் ஒரு நிரலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஏழும் எட்டும் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வயதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கூட்டியவன் நான். நான்கு தடவை கூட்டினேன். நான்கு விடை வந்தது. கழுத்திலே வியர்வை ஓடுகிறது. பேனை பிடித்த கை நடுங்குகிறது. பக்கத்து மேசையிலிருந்தவர் ஏதோ கேட்டார். அவர்மேற் சீறி விழுந்தேன். ஏன் கோபம் என்று எனக்கே தெரியாது.”

நல்லகாலமாக அந்த நண்பரின் தாயாருக்கும் இதே நோய். அவர் கோபத்துக்குக் கோபம் காட்டாமல், தேநீர் அறைக்கு ஓடி, மூன்று தேக்கரண்டி நிறையச் சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரிற் கரைத்துக் கொணர்ந்து குடிக்கச் செய்தார். பதினைந்து நிமிடம் கழிந்தது. நடுக்கம் நின்றது. ஏழும் எட்டும் பதினைந்தாயின. அதன்பின் நண்பர் வற்புறுத்தி நான்கைந்து பிஸ்கற்றும் உண்ண வைத்தார். விரதம் அத்தோடு முறிந்தது.

சீனி 70 இற்குக் கீழே போவது உடனே கவனிக்க வேண்டியது என்று விளக்கினார். வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத கோபம், புத்தித் தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். கருவி கையிலிருந்தால் அளக்கலாம். இல்லாவிட்டால் முதலிற் சீனி, ஆராய்ச்சி பின்னர். சொக்கிலேற் போன்றவை இதற்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் அதே அளவு சீனியை மறுபடி கொடுக்க வேண்டும். தெளிந்தபின் ஏதேனும் உண்ண வேண்டும். இத்தகைய குளிசையின் வேலை பல மணித்தியாலம் நீடிப்பதால், சீனி மீண்டும் இறங்கக்கூடும். அன்றிரவு தனியே விடலாகாது. நினைவிழந்தவருக்கு வாயில் எதுவும் ஊற்றலாகாது, புரையேறி மூச்சடைக்கும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே வழி.

“மறுநாள் வைத்தியரிடம் போய் ஆறு வருடப் பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பேரேட்டை முழுவதும் பார்த்துவிட்டு, கிளிக்ளசைட்டைப் பாதியாகக் குறைத்தார். ‘சோற்றைக் குறைத்தது நல்லது. முதலில் என்னிடம் சொல்லியிருந்தால் அதே நாளிற் குளிசையையும் குறைத்திருப்பேன்’ என்றார். அன்று தெரிந்தது: ஏட்டுக்கு இரண்டு பக்கமுண்டு. சாப்பாட்டுப் பக்கத்தில் எழுதியதை மருந்துப் பக்கத்திலும் எழுத வேண்டும். மெற்போமின் மாத்திரம் எடுப்பவருக்கு இந்த ஆபத்து அரிது. கிளிக்ளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இன்று என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிடாதீர்கள். முதலில் வைத்தியர், பிறகு அகப்பை. விரதமும் அப்படியே. பத்து நாளுக்கு முன்னரே கேட்டு, குளிசையை என்ன செய்வதென்று அறிந்தபின் நேர்த்தி வையுங்கள்.”

கேள்வியும் விடையும்

பேச்சு முடிந்ததும் இளம் ஆசிரியை ஒருவர் எழுந்தார். தம் தகப்பனாருக்காகக் கேட்பதாகச் சொல்லி, 2022 ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் ஸ்ட்ரிப் வாங்குவதே பெரும் பாரமாகிவிட்டதென்றும், நிதம் நிதம் பார்ப்பது எப்படி என்றும் வினவினார்.

“நிதம் பார்க்கச் சொல்லவில்லையே, பிள்ளை” என்றார் அவர். “அந்த வருடம் எனக்கும் அதே கதிதான். வாரத்துக்கு ஒரு சோடி, இரண்டு துண்டு. இருபத்தைந்து உள்ள ஒரு குப்பி பன்னிரண்டு வாரம் போகும். ஒரு வாரம் மத்தியானம், மறு வாரம் இரவு, அதற்கடுத்த வாரம் காலை என்று மாற்றிப் பார்த்தால் மூன்று மாதத்தில் வீட்டுச் சாப்பாடெல்லாம் ஏட்டில் வந்துவிடும். குப்பியைத் திறந்த திகதியை அதன்மேல் எழுதி வையுங்கோ. திறந்து சில மாதங்களில் துண்டுகள் பழுதாகும். எத்தனை மாதமென்று குப்பியிலேயே போட்டிருக்கும். மூடியை இறுக்காமல் விட்டால் அதற்கு முன்னரே ஈரம் குடித்துப் பொய் சொல்லும். ஆனால் அப்பா இன்சுலின் போடுகிறவரென்றால் இந்தக் கணக்குப் போதாது. அவருக்கு எத்தனை தடவை என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “இருபது வருடமாக உங்களுக்கு ஒரு பாதிப்பும் வரவில்லையா?” என்று கேட்டார். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் குனிந்து இடது காற்செருப்பைக் கழற்றினார்.

“இந்தப் பாதத்தில், பெருவிரலின் கீழும் நடுவிலுமாக இரண்டு இடத்தில் உணர்ச்சி இல்லை. வைத்தியர் ஒரு நைலோன் இழையை வளையும்வரை அழுத்திப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, படுகிறதா என்று சொல்ல வேண்டும். இவ்விரண்டு இடத்திலும் எனக்குப் படுவதில்லை. மெற்போமினை நீண்டகாலம் எடுப்பவருக்கு விற்றமின் பி 12 குறைந்தும் விறைப்பு வரலாமென்று அதையும் பார்த்தார்கள்; அது சரியாகவே இருந்தது. ஆகவே இது அந்த ஆறு வருடத்தின் கணக்கு. பிழையைத் திருத்தலாம், போன பணம் திரும்பாது. 2013 ஆம் ஆண்டு ஆவணியில், மத்தியான வெயிலிற் கோயில் வீதியை வெறுங்காலோடு சுற்றி வந்தேன். வீட்டில் மனைவிதான் கொப்புளத்தைக் கண்டாள். எனக்கு ஒன்றும் நோகவில்லை. நோகாததுதான் ஆபத்து. அந்தப் புண் ஆறப் பத்து வாரம் சென்றது. இப்போது விடியற்காலையில் மண் குளிர்ந்திருக்கும்போது மாத்திரம் சுற்றுகிறேன். ஒவ்வொரு இரவும் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கை.”

செருப்பை மாட்டிக்கொண்டு அமர்ந்தார். கைதட்டல் உடனே எழவில்லை. சற்றுத் தாமதித்தே எழுந்தது.

அன்றிரவு

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய கருவி அலுமாரியில் உறை பிரியாமற் கிடந்தது. குப்பியின் திகதியைப் பார்த்தேன். காலம் இன்னும் கடக்கவில்லை. கிளினிக்கின் முதல்நாள் வழக்கத்தை அறிந்த என் மனைவி, “இஞ்சாருங்கோ, இண்டைக்கும் கஞ்சிதானே?” என்று அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“இல்லை. எல்லா நாளும் வைப்பதுபோல வை” என்றேன்.

கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவினேன். முன் 151. இடியப்பம் எட்டு, சொதி, சம்பல். அவள் எல்லா நாளும் வைப்பது அவ்வளவுதான். முதல் இடியப்பத்தைப் பிய்த்த நேரம் ஏழு மணி இருபது நிமிடம். ஒன்பது இருபது ஆகும்வரை புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். ஒரு பக்கமேனும் வாசித்ததாக நினைவில்லை. பின் 263. வித்தியாசம் 112.

பழைய பாடக்குறிப்புப் புத்தகத்தில் ஒரு வெற்றுத் தாளைக் கிழித்து, ஐந்து நிரல் கீறி, அதை எழுதினேன். மூன்று வருடத்தில் நான் எழுதிய முதல் மெய்க்கணக்கு அதுவே. மறுநாட் காலை வெறுவயிற்றுச் சீனி என் வழக்கமான எண்ணைவிட ஐம்பது கூடியிருந்தது. வைத்தியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன்.